கடைசி வரிசைக்குத் தெரியாத நிரலைக் காட்டி யாருக்குப் படிப்பிக்கிறோம்?

யாருடைய மனதையும் நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்மையில் உயர்தர ஐசிடி மாணவர்களுக்கான ஒரு பைதன் கருத்தரங்கில் கடைசி வரிசையில் இருந்தேன். ஊரார் காசு சேர்த்து, புரொஜெக்டர் எடுத்து, வெளியூரிலிருந்து வளவாளரை அழைத்து நடத்திய நிகழ்ச்சி. வளவாளர் விஷயம் தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. முதலாவது ஸ்லைட்டிலேயே 34 வரிச் செய்நிரல் ஒன்றை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டியிருந்தார். "பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது போல... பரவாயில்ல, நோட்ஸ் தருவோம்" என்று சொல்லிவிட்டு லேசர் லைட்டைப் பிடித்தார். அந்தச் சிவப்புப் புள்ளி ஆடிக்கொண்டே இருந்தது.

அந்தப் "பரவாயில்ல" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

எங்கட ஹோல்களில் பின்னுக்கு இருப்பது யார்? ஆண் பிள்ளைகளை முன்னுக்கும் பெண் பிள்ளைகளைப் பின்னுக்கும் இருத்துவோம். பஸ் பிந்தி தூரத்திலிருந்து வருகிற பிள்ளையும் பின்னுக்குத்தான். ஆகவே சின்ன எழுத்தால் யாருக்கு நட்டம் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம்.

இடைவேளையில் பின்வரிசைப் பிள்ளைகள் சிலரின் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். புள்ளிகளின் கூட்டுத்தொகையைக் காணும் பகுதியை இப்படி எழுதியிருந்தார்கள்:

```
def total(marks):
    s = 0
    for m in marks:
        s = s + m
        return s

print(total([40, 55, 70]))
```

இது தரும் விடை 40. வரவேண்டியது 165. `return s` லூப்புக்குள் இருப்பதால் முதல் புள்ளியைக் கூட்டியவுடனேயே வேலை முடிந்துவிடுகிறது. வளவாளரின் ஸ்லைட்டில் அந்த வரி `for` உக்கு நேராகச் சரியாகத்தான் இருந்தது. பைதனில் அந்த நான்கு இடைவெளியில்தான் முழுப் பொருளும் இருக்கிறது. அது கடைசி வரிசைக்குத் தெரியவில்லை. பிள்ளை பிழை விடவில்லை, தெரிந்ததை எழுதியது.

"கண்ணாடி போடுங்க பிள்ளைகளே" என்று பகிடி விடுபவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஸ்கிரீனின் உயரம் 1.5 மீற்றர். கடைசி வரிசை 12 மீற்றர் தூரத்தில். பழுதில்லாத கண் அந்தத் தூரத்தில் அடையாளம் காணக்கூடிய ஆகச் சிறிய எழுத்து ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் உயரம். கண் வைத்தியர் தொங்கவிடும் எழுத்து அட்டையும் இந்த அளவை வைத்துத்தான் செய்யப்படுகிறது. பவர்பொயின்ட் ஸ்லைட்டின் உயரம் 540 பொயின்ட். தலைப்புக்கும் இடம் விட்டு 34 வரியை அடக்கினால் எழுத்து 11 பொயின்ட் அளவில்தான் வரும். அதில் `a`, `s` போன்ற சின்ன எழுத்துகள் ஸ்கிரீனில் விழும்போது வெறும் 15 மில்லிமீற்றர். நல்ல கண்ணுக்கே எல்லைக்குக் கீழே! இதை 28 பொயின்ட் ஆக்கினால் 38 மில்லிமீற்றர் வரும், அப்போதுதான் சிரமமில்லாமல் வாசிக்கலாம்.

28 பொயின்டில் ஒரு ஸ்லைட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் கொள்ளும், ஒரு வரியில் ஏறத்தாழ ஐம்பது எழுத்து. "அது காணாதே" என்பீர்கள். அதுதான் நல்லது. ஒரு நேரத்தில் நாம் விளக்கப்போவதே நாலைந்து வரியைத்தானே?

கணக்குப் பார்க்க நேரமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 12 மீற்றர் என்பது அந்த ஸ்கிரீனின் உயரத்தைப் போல எட்டு மடங்கு. உங்கள் லெப்டொப் திரையின் உயரத்தை அளந்து எட்டால் பெருக்குங்கள். 14 அங்குல லெப்டொப் என்றால் ஏறக்குறைய 1.4 மீற்றர் வரும். ஸ்லைட்டை முழுத்திரையில் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் பின்னுக்குப் போய் நின்று வாசியுங்கள். கடைசிப் பிள்ளைக்குத் தெரிவது அதுதான்.

எழுத்துருவையும் கவனியுங்கள். Calibri போன்ற எழுத்துருவில் வெற்றிடம் மிக ஒடுக்கம். நான்கு இடைவெளியும் சேர்ந்து ஓர் `m` எழுத்தை விடச் சற்றுத்தான் அகலம். Consolas, Courier New போன்றவற்றில் எல்லா எழுத்தும் வெற்றிடமும் ஒரே அகலம், உள்தள்ளல் பளிச்சென்று தெரியும். பவர்பொயின்ட்டின் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டுத் தட்டச்சுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் `for` என்பது `For` ஆகும், நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகும். பிள்ளை அதை அப்படியே எடுத்து இயக்கினால் `SyntaxError` தான் வரும். பெட்டிக்குள் கொள்ளாதபோது எழுத்தைத் தானாகச் சிறிதாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். 28 என்று வைத்தது 18 ஆவது அதனால்தான்.

இனி லேசர் லைட். புள்ளி ஒரு வரியைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். குனிந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளை நிமிரும்போது எந்த வரி என்று தெரியாது. பேசும் வரியை ஸ்லைட்டே காட்டவேண்டும். மேலே உள்ள நிரலுக்கு நான் வகுப்பில் நான்கு ஸ்லைட் போடுகிறேன். முதலாவதில் நிரல் முழுதும் கறுப்பில், இலக்கமிட்ட வரிகளோடு. இரண்டாவதில் மூன்றாம் வரி மட்டும் தடித்த கறுப்பில், மற்றவை சாம்பலில்: "இது எத்தனை தரம் சுற்றும்?" என்று கேட்பேன். மூன்றாவதில் ஐந்தாம் வரி மட்டும் கறுப்பில், கீழே விடை 40: "ஏன் 40?" நான்காவது அதே ஸ்லைட்டின் பிரதி. ஐந்தாம் வரி மட்டும் நான்கு இடைவெளி இடப்பக்கம் நகர்ந்திருக்கும், விடை 165. வேறெதுவும் அசையாதபடியால் கண் அந்த நகர்வைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். நான் விளக்குவதற்கு முன்பே பின்னாலிருந்து விடை வரும்.

மற்ற வரிகளை அழிக்காமல் ஏன் சாம்பலாக்குகிறேன்? ஐந்தாம் வரி எதற்குள் இருக்கிறது என்று தெரிய மற்ற வரிகளும் வேண்டும். மஞ்சள் பட்டை அடிப்பவர்களும் உண்டு. ஜன்னல் திறந்த எங்கட ஹோல் வெளிச்சத்தில் இளமஞ்சள் வெள்ளையோடு வெள்ளையாகிவிடும். கறுப்புப் பின்னணியும் அப்படித்தான். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது, வெயில் விழும் ஸ்கிரீனில் அது வெளிறிப்போகும். வெள்ளையில் கறுப்பு எழுத்துத்தான் பகலில் நிற்கும்.

"முழு நிரலையும் காட்டாவிட்டால் பிள்ளைக்கு முழுமை விளங்காதே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முழு 34 வரியையும் வரி இலக்கத்தோடு ஒரு தாளில் அச்சடித்து, தொடங்க முன் கையில் கொடுங்கள். ஸ்லைட்டிலும் அதே இலக்கங்களைப் போடுங்கள். முழுமை தாளில் இருக்கட்டும், பேச்சு நடக்கும் வரி ஸ்கிரீனில் இருக்கட்டும். "நோட்ஸ் பிறகு தருவோம்" என்பது இதற்குப் பதிலாகாது. விளக்கம் நடக்கும்போது கையில் இல்லாத நோட்ஸ் எதற்கு?

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக்கும் பெனருக்கும் இவ்வளவு ஓடித்திரிகிறீர்கள். அடுத்த முறை பிள்ளைகள் வர அரை மணித்தியாலம் முன்பு வளவாளரை அழைத்து ஸ்லைட்டைப் போடச் சொல்லி, அவரைக் கடைசிக் கதிரையில் இருத்துங்கள். தன் நிரலை அவரே அங்கிருந்து வாசிக்க முடியாவிட்டால் அந்த ஸ்லைட்டை அன்று காட்ட வேண்டாம். வெள்ளைப் பலகையில் ஐந்து வரியைப் பெரிதாக எழுதட்டும். பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்கு அது போதும்.