எண்ணுவதென்றால் ஹேஷ் மேப்தானா?

எதையாவது எண்ணச் சொன்னால் போதும், நம் நிரலாளர்களின் கை தானாகவே ஹேஷ் மேப்பைத் தேடிப் போகிறது. கொடுத்தது வரிசையில்லாத பட்டியலா, கோப்பா, மரமா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ‘எது அதிக முறை வருகிறது’ என்ற கேள்வி காதில் விழுந்ததும் விடை தயாராகிவிடுகிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள், கடைசியில் பெரியதை எடு. கல்லூரியில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், நேர்காணலில் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. தேடல் மரத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை வீண்செலவு மட்டுமல்ல, சில சமயம் தவறான விடையையும் தருகிறது.

லீட்கோடில் 501-ஆம் எண்ணுள்ள கணக்கு இதைத்தான் கேட்கிறது. மதிப்புகள் திரும்பத் திரும்ப வரக்கூடிய ஒரு தேடல் மரத்தில் அதிக முறை வருவது எது? அங்கே தேடல் மரத்துக்குத் தந்திருக்கும் இலக்கணத்தைக் கவனியுங்கள். ஒரு கணுவின் இடப்பக்கம் இருப்பவை எல்லாம் அதற்குச் சமமாகவோ சிறியதாகவோ இருக்கும். வலப்பக்கம் இருப்பவை சமமாகவோ பெரியதாகவோ இருக்கும். சமமானது இரு பக்கமும் இருக்கலாம்.

ஏழு கணுக்கள் கொண்ட ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம்.

```
        7
      /   \
     5     9
    / \   / \
   3   7 7   9
```

இதில் 7 மூன்று முறை வருகிறது. ஆனால் எந்த 7-உம் இன்னொரு 7-க்கு நேர்ப் பெற்றோரோ பிள்ளையோ இல்லை. ஒன்று வேரில், ஒன்று இடப்பக்கத்தின் வலது ஓரத்தில், ஒன்று வலப்பக்கத்தின் இடது ஓரத்தில். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோய், ‘சிதறிக் கிடக்கிறதே, ஹேஷ் மேப் இல்லாமல் எப்படி?’ என்கிறார்கள். இன்னும் சிலர், சமமானவை எப்போதும் வலப்பக்கம்தான் போகும் என்று எண்ணிக்கொண்டு, பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருக்கும் இடங்களை மட்டும் பின்தொடர்ந்து எண்ணுவார்கள். அவர்களுக்கு இந்த மரத்தில் கிடைக்கும் விடை 9, இரண்டு முறை. ‘சமமானதை வலப்பக்கம் போடு’ என்று செருகும்போது விதி வைத்துக்கொண்டாலும் அது நிற்காது. தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் சிவப்பு-கறுப்பு மரத்திலோ ஏவிஎல் மரத்திலோ மூன்று 7-களை வரிசையாகப் போடுங்கள். மூன்றாவது நுழைந்ததும் மரம் ஒரு சுழற்சி சுழலும். நடுவில் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஆகிவிடும்.

சிதறல் என்பது படத்தில் மட்டும்தான். முதலில் இடப்பக்கம், பிறகு கணு, பிறகு வலப்பக்கம் என்று இன்ஆர்டராக நடந்தால் வருவது 3, 5, 7, 7, 7, 9, 9. மரத்தின் இலக்கணமே இந்த வரிசை குறையாமல் ஏறும் என்று உறுதி தருகிறது. குறையாமல் ஏறும் வரிசையில் சமமானவை ஒட்டிக்கொண்டுதான் நிற்க முடியும். எனவே போன மதிப்பு எது, அது தொடர்ந்து எத்தனை முறை வந்தது, இதுவரை கண்ட பெரிய எண்ணிக்கை என்ன, அதற்குரிய மதிப்பு எது என்ற நான்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒவ்வொரு கணுவிலும் செய்யவேண்டியது இவ்வளவுதான்:

```python
count = count + 1 if val == prev else 1
if count > best:
    best, mode = count, val
prev = val
```

நம் மரத்தில் இதை ஓட்டிப் பார்க்கலாம். 3 வந்ததும் `best` ஒன்றாகிறது, `mode` 3. அடுத்து 5, எண்ணிக்கை மறுபடி ஒன்று, பழையதைத் தாண்டவில்லை. முதல் 7-உம் அப்படியே. இரண்டாவது 7-இல் எண்ணிக்கை இரண்டு, `mode` 7-க்கு மாறுகிறது. மூன்றாவதில் மூன்று. பிறகு வரும் இரண்டு 9-களும் இரண்டோடு நின்றுவிடுகின்றன. விடை 7.

`prev`-க்குத் தொடக்கத்தில் எதைப் போடுவது என்று நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். `count` பூஜ்யத்தில் தொடங்கினால் எதைப் போட்டாலும் சரிதான். முதல் கணு அதற்குச் சமமாக இருந்தாலும் 0 + 1, இல்லாவிட்டாலும் 1. உண்மையான ஆபத்து வேறிடத்தில். மதிப்பு மாறும்போது மட்டும் ஒப்பிடுவோம் என்று எழுதுபவர்கள் கடைசித் தொடரை மறந்துவிடுவார்கள். அதற்குப் பின் மதிப்பு மாறவே போவதில்லையே. மேலே உள்ளதுபோல ஒவ்வொரு கணுவிலும் ஒப்பிட்டால் அந்தத் தொல்லை கிடையாது.

‘இருந்தால் என்ன, இரண்டுமே நேர்கோட்டு நேரம்தானே, நினைவகம் மலிவாகக் கிடைக்கிறதே’ என்பது ஹேஷ் மேப் ஆதரவாளர்களின் வழக்கமான பதில். வகைவாரியாக அடுக்கிக் கட்டிய ரூபாய் நோட்டுகளைக் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி பிரிக்கிற வேலை இது. ஒவ்வொரு செருகலிலும் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கட்டிய ஒழுங்கு அது. ஆனாலும் நினைவகச் செலவை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். குற்றம் அதைவிடப் பெரியது.

இரண்டு மதிப்புகள் சமமா என்பதை மரம் ஒரு விதமாகத் தீர்மானிக்கிறது, ஹேஷ் மேப் வேறொரு விதமாகத் தீர்மானிக்கிறது. மரத்துக்கு அளவுகோல் ஒப்பிடும் செயல். எது சிறியது, எது பெரியது என்று கேட்டு, இரண்டும் இல்லையென்றால் சமம். ஹேஷ் மேப்புக்கு அளவுகோல் ஹேஷ் எண்ணும் சமத்துவச் சோதனையும். முழு எண்களில் இரண்டும் ஒத்துப்போவதால் யாரும் கவனிப்பதில்லை. ஜாவாவின் `BigDecimal`-க்கு வாருங்கள். அங்கே 2.0-உம் 2.00-உம் `compareTo`-வின் கண்ணுக்குச் சமம், `equals`-இன் கண்ணுக்கு வேறுவேறு. விலைகளை `compareTo` கொண்டு அடுக்கிய மரம் ஒன்றில் 2.0, 2.00, 2.000, 5.5, 5.5 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரூபாய் மூன்று முறை வந்திருக்கிறது. ஹேஷ் மேப்போ அதை மூன்று தனித்தனி விலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று எழுதி, 5.5-க்கு இரண்டு என்று எழுதி, 5.5-தான் அதிகம் என்று கூசாமல் சொல்லும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் ஆங்கிலச் சொற்களை அடுக்கிய மரத்திலும் இதே கதைதான். இன்ஆர்டரில் நடப்பவரும் இதே குழியில் விழலாம். `prev`-ஐ `equals` கொண்டு ஒப்பிட்டால் அவருக்கும் 5.5-தான். மரத்தைக் கட்டிய அதே ஒப்பீட்டை வைத்தே எண்ணவேண்டும்.

இனி மறுபக்கத்தாரையும் கொஞ்சம் கேட்கவேண்டியிருக்கிறது. ‘நான் ஹேஷ் மேப் வைக்கவில்லை, எனக்குக் கூடுதல் இடமே தேவையில்லை’ என்று மார்தட்டுபவர்கள் இருக்கிறார்கள். 501-ஆம் கணக்கு ஒரே மதிப்பைக் கேட்பதில்லை. சமநிலையில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிறது. அதனால் இவர்கள் ஒரு பட்டியல் வைத்து, எண்ணிக்கை சமமானால் சேர்த்து, மிஞ்சினால் பட்டியலைக் காலிசெய்து புதிதாகத் தொடங்குகிறார்கள். 1 முதல் 10,000 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வந்து, 10,000 மட்டும் இன்னொரு முறை வந்தால் என்ன ஆகும்? கடைசிக் கணுவை எட்டும்வரை பட்டியலில் 10,000 மதிப்புகள் குவிந்திருக்கும். கடைசிக் கணுவில் அத்தனையும் அழிந்து ஒன்று மிஞ்சும். ஹேஷ் மேப்பை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக அதே அளவுப் பட்டியலை உள்ளே விட்டிருக்கிறார்கள். எல்லா விடைகளும் வேண்டுமென்றால் இரண்டு முறை நடப்பதுதான் நேர்மையான வழி. முதல் நடையில் பெரிய எண்ணிக்கை எது என்று மட்டும் பார்த்து, இரண்டாவது நடையில் அதை எட்டுபவற்றை எழுதிக்கொள்வது. ஒரு விடை போதுமென்றால் மேலே சொன்ன நான்கு மாறிகளும் ஒரு நடையும் போதும். சமநிலை வந்தால் `>` குறி சிறிய மதிப்பைத் தரும், `>=` பெரியதைத் தரும்.

ரிகர்ஷன் எடுத்துக்கொள்ளும் ஸ்டாக்கும் இடம்தான். பத்து லட்சம் கணுக்கள் உள்ள சிவப்பு-கறுப்பு மரத்தின் உயரம் 40-ஐத் தாண்டாது, அங்கே கவலையில்லை. சமன்செய்யாத மரத்தில், சமமானவற்றை வலப்பக்கமே தள்ளிக்கொண்டிருந்தால், திரும்ப வரும் மதிப்புகளே மரத்தை ஒற்றைச் சங்கிலியாக்கிவிடும். பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு இயல்பாக 1000. சங்கிலி அதைவிட நீண்டால் நிரல் `RecursionError` காட்டி நின்றுவிடும்.

ஸ்டாக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு 1979-இல் மாரிஸ் வெளியிட்ட முறை இருக்கிறது. இடப்பிள்ளை உள்ள கணுவுக்கு வந்ததும், அந்த இடப்பக்கத்தின் வலது ஓரக் கணுவைத் தேடி, காலியாக இருக்கும் அதன் வலச் சுட்டியைத் தற்போதைய கணுவுக்குத் தற்காலிகமாகக் கட்டிவைப்பது. இடப்பக்கம் முடிந்து அந்த இழை வழியாகத் திரும்பி வரும்போது அவிழ்த்துவிடுவது. கட்டிய இழையா, உண்மையான பிள்ளையா என்பதைக் கணுவின் அடையாளம் கொண்டே பார்க்கவேண்டும். மதிப்பைக் கொண்டு பார்த்தால், திரும்ப வரும் மதிப்புகள் பழிவாங்கிவிடும். நம் மரத்தில் வேர் 7; அதன் இடப்பிள்ளை 5; அந்த 5-இன் வலப்பிள்ளை உண்மையான ஒரு 7. மதிப்பை ஒப்பிடும் நிரல் அதை இழையென்று எண்ணி வெட்டியெறியும், 3-ஐயும் 5-ஐயும் எட்டிப் பார்க்காமலே வேரை எண்ணிவிட்டு வலப்பக்கம் போய்விடும். கடைசியில் 7-க்கு இரண்டு, 9-க்கு இரண்டு என்று சமநிலை காட்டும். மரத்திலும் ஒரு கணு காணாமற்போயிருக்கும். நடந்து முடிந்தபின் கணுக்களை எண்ணிப் பாருங்கள்; ஏழு ஆறாகியிருந்தால் காரணம் இதுதான். நடுவில் `return` செய்து வெளியேறினாலும் இழைகள் அவிழாமல் நின்றுவிடும். இன்னொரு திரெட் அதே மரத்தைப் படித்துக்கொண்டிருந்தால் இந்த முறையின் பக்கமே போகக்கூடாது.

ஹேஷ் மேப்புக்கு உரிய இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே லீட்கோடில் 508-ஆம் கணக்கு, ஒவ்வொரு கணுவையும் வேராகக் கொண்ட கிளையின் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு, எந்தத் தொகை அதிக முறை வருகிறது என்று கேட்கிறது. அந்தத் தொகைகள் எந்த நடையிலும் வரிசையாக வரும் என்ற உறுதி இல்லை. நம் மரத்தையே எடுத்துக்கொண்டு இன்ஆர்டரில் தொகைகளை எழுதினால் 3, 15, 7, 47, 7, 25, 9. இரண்டு 7-களுக்கும் நடுவில் 47 வந்து நிற்கிறது. அங்கே ஹேஷ் மேப்தான் எடுக்கவேண்டும்.