தொகுதியின் அளவும் அச்சு மாற்றும் நேரமும்

மலரொன்றை அச்சிடுவிக்கச் சென்றோர் அச்சகத்தாரிடம் ஒரு விடையைத் தவறாது கேட்டிருப்பர். முந்நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் செலவிற் பெரும் வேற்றுமையில்லை, ஆதலால் ஆயிரமே அடித்துவிடுங்கள் என்பதே அவ்விடை. பக்கங்களை ஒழுங்கு செய்து, தகட்டைப் பூட்டி, மையைச் சரிபார்க்கும் வேலை முதற்பிரதி வருமுன்னரே முடிந்துவிடுகின்றது. அச்செலவைப் பல பிரதிகள்மேற் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் விலையும் குறையும். ஒரே பொறியிற் பல பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் இந்நியாயத்தையே நெடுங்காலம் பின்பற்றின. இது பாதி உண்மையென்பதே நம் கருத்து.

குவித்து வைத்த பொருள் வட்டியையும் வாடகையையும் தின்றுகொண்டே கிடக்கும். துருவும் பழுதும் வேறு. மாற்றுஞ் செலவையும் வைத்திருக்குஞ் செலவையும் சமப்படுத்தி, ஆதாயமான தொகுதியளவைக் காணும் சூத்திரத்தை அமெரிக்கரான ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் வெளியிட்டார். ஆண்டுத் தேவையை ஒருமுறை மாற்றுஞ் செலவாற் பெருக்கி, இரட்டித்து, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்குஞ் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண்பதே அது.

மோட்டார் வண்டியின் கதவுத் தகட்டை அழுத்தி வடிக்கும் பொறியொன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தேவை 20,000 தகடு. முன்னைய அச்சைக் கழற்றிப் புதியதைப் பூட்ட 4 மணி நேரம் செல்லும். பொறி நிற்பதாலும் கூலியாலும் மணிக்கு 4,000 ரூபா நட்டமெனின், ஒரு மாற்றத்துக்கு 16,000 ரூபா. ஒரு தகட்டை ஓராண்டு வைத்திருக்க 40 ரூபா. சூத்திரம் தரும் விடை 4,000 தகடு. ஆண்டுக்கு ஐந்து மாற்றங்கள். மாற்றுவதற்கு 80,000, வைத்திருப்பதற்கு 80,000, ஆக 160,000 ரூபா.

கணக்குப் பிழையன்று. ஆனால் அந்த 4 மணி நேரத்தை மாறா விதியென எண்ணி, அதற்கேற்பத் தொகுதியைப் பெருக்குவதே பிழை. இதனை வற்புறுத்தியவர் யப்பானியப் பொறியியலாளர் ஷிகேயோ ஷிங்கோ. 1950இல் ஹிரோஷிமாவிலுள்ள மஸ்டா தொழிற்சாலையில் அச்சு மாற்றத்தை அவர் நேரிற் கவனித்தபோது, காணாமற்போன ஒரு மறையாணியைத் தேடித் தொழிலாளி ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஓடித்திரிந்தாராம். பொறியோ வாளா நின்றது. பொறி நின்றாலன்றிச் செய்யவொண்ணாத வேலை வேறு, அது ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை வேறு என்னும் பாகுபாடு அங்கேதான் பிறந்தது. ஆணிகளைத் தேடிவைத்தலும் அடுத்த அச்சை அருகே கொண்டுவருதலும் இரண்டாம் வகையின. எஞ்சியவற்றையும் சுருக்கலாம். பதினைந்து புரியுள்ள மறையாணியில் உண்மையாக இறுக்குவது கடைசிச் சுற்றொன்றே. ஏனையவை வீண் சுழற்சி. அச்சுக்களின் உயரங்களைக் கட்டை வைத்து ஒன்றாக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் பொறியின் உயரத்தைத் திருத்த வேண்டியதில்லை. 1969இல் ரொயோட்டா நிறுவனத்தில் 1000 தொன் அழுத்தியொன்றின் மாற்றம் 4 மணி நேரத்திலிருந்து முதலில் 90 நிமிடமாகவும், பின் 3 நிமிடமாகவும் குறைந்ததென அவரே எழுதியுள்ளார்.

நம் கணக்கில் 3 நிமிடம் வேண்டாம். 15 நிமிடம் போதும். மாற்றுஞ் செலவு 16,000இலிருந்து 1,000 ரூபாவாகிறது. தொகுதி 1,000 தகடாகிறது. நேரம் பதினாறில் ஒன்றாகக் குறைந்தும் தொகுதி நாலில் ஒன்றாகவே குறைவது வர்க்கமூலத்தின் விளைவு. மாற்றங்கள் இருபதாகப் பெருகினும், பொறி ஆண்டில் நிற்பது 20 மணிக்குப் பதிலாக 5 மணி நேரமே. மொத்தச் செலவோ 40,000 ரூபா. மேலும், அச்சிற் கீறல் விழுந்திருப்பது கதவைப் பொருத்துமிடத்தில் முதன்முறை தெரியவருமாயின், பழுதாய்க் கிடப்பவை சில ஆயிரமல்ல, சில நூறே.

சிறுதொகுதியின் புகழைக் கேட்ட முகாமையாளர் சிலர், மாற்று நேரத்தைத் தொடாமலே தொகுதியை மட்டும் வெட்டிவிடுவதுண்டு. மேற்கண்ட பொறியில் 4 மணி நேர மாற்றத்தோடு ஆயிரம் ஆயிரமாகச் செய்யின், செலவு 340,000 ரூபாவாகும். பொறி 80 மணி நேரம் நிற்கும். வேறு சிலர் நேரத்தைக் குறைத்துவிட்டோமென்பர். ஆனால் ஆணி முடுக்கியதோடு கடிகாரத்தை நிறுத்திவிடுவர். முன்னைய தொகுதியின் கடைசி நற்பொருளிலிருந்து அடுத்த தொகுதியின் முதல் நற்பொருள்வரை அளப்பதே நேரிய அளவு. ஷிங்கோவின் கணிப்பில் மாற்று நேரத்தில் ஏறக்குறையப் பாதி, ஆணி முடுக்கிய பின்னர் வரும் பரீட்சை ஓட்டத்திலும் திருத்தத்திலுமே கழிகிறது.

மணிக்கு 4,000 ரூபா என்றோமே, அதனையும் ஐயத்தோடு நோக்கல் வேண்டும். இரவும் பகலும் ஓடியும் தேவைக்குப் போதாத பொறிக்கே அத்தொகை பொருந்தும். பாதி நாள் ஓய்ந்திருக்கும் பொறியில் மாற்றத்தின் மெய்யான செலவு கூலியும் பரீட்சையிற் கழிந்த தகடுமே. அத்தகைய பொறிக்குச் சிறுதொகுதி இன்றே இலாபம். ஆண்டுக் கணக்கேட்டின் சராசரிச் செலவை எடுத்துப் பெருக்கியவருக்கு அது புலப்படாது.