எந்தத் தாள் மேலே இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்களுக்கு,

நான் ஒரு பி.எஃப். ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் வேலை பார்த்துவிட்டு, விட்டுப்போன பணத்தைக் கேட்டு வருகிறவர்கள் உள்ளே போகுமுன் என்னிடம்தான் நகல் எடுக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடியும் என்னிடம்தான் வருகிறார்கள். இரண்டு தடவையும் எனக்கு வரும்படிதான். ஆனால் உள்ளே ஒரு பலகை மாட்டியிருந்தால் அந்த இரண்டாவது தடவை பலருக்குத் தேவைப்படாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். 2016-இல் ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் மில் வேலைக்குச் சேர்ந்து, 14 மாதம் பார்த்தவர். பி.எஃப். கணக்குக்கான சம்பளம் மாதம் 12,000 ரூபாய். அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய், அவர் கையிலிருந்து பிடிக்கப்பட்டது. முதலாளி பங்கும் அதே அளவு, அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷனுக்குப் போக மீதி 440 ரூபாய் வைப்பு நிதியில் சேர்ந்தது. மாதம் 1,880 என்றால் 14 மாதத்துக்கு 26,320 ரூபாய். வட்டி தனி. ஊரில் கூரை மாற்றவாவது உதவும் பணம். ஒப்பந்தக்காரரோ நிறுவனத்தை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

தம்பியிடம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டுகள், கம்பெனி அடையாள அட்டை எல்லாம் ஒரே பாலிதீன் கவரில் திணித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே பணம் கேட்கும் விண்ணப்பம். பணத்துக்குத்தானே வந்திருக்கிறோம், அதுதானே முதலில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கௌன்டரில் இருந்தவர் அதை வாங்கி, கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெயர் ஒத்துவரல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் நீண்ட வரிசை. கீழே இருந்த தாள்களை யாரும் புரட்டவே இல்லை.

பெயரில் என்ன கோளாறு? ஆதாரில் குடும்பப் பெயர் மஹதோ என்று முழுதாக இருக்கிறது. நம்ம ஊர் கணக்கர் நம்ம ஊர் வழக்கப்படி அதை இனிஷியலாக்கி, பெயருக்குப் பின்னால் 'எம்' என்று மட்டும் பதிந்துவிட்டார். அந்த ஓர் எழுத்தால் ஆதார் இணையவில்லை. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணையாமல் முதலாளி கையெழுத்தில்லாத விண்ணப்பம் நகராது. முதலாளியின் கையெழுத்துக்கு முதலாளியே இல்லை.

அதன்பின் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. தனக்கு வேலை இல்லாத நாளிலெல்லாம் வந்து, அடுத்தவர் காகிதங்களைக் கௌன்டர்காரர் எப்படிப் பார்க்கிறார் என்று ஓரமாக நின்று கவனித்தார். "அண்ணா, அவர் பணத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்" என்று என்னிடம் வந்து சொன்னார். முதல் கேள்வி, இந்த ஆள் யார். இரண்டாவது, இந்தக் கணக்கு இவருடையதா. மூன்றாவது, பதிவில் இருக்கும் தவறை யார் உறுதி செய்கிறார்கள். நான்காவதுதான் எந்த வங்கிக்குப் பணம் போக வேண்டும் என்பது. காகிதமும் அதே வரிசையில் போனால் கேள்வி கேட்கவே தேவையில்லை என்று புரிந்துகொண்டார்.

அடுத்த முறை கட்டு இரண்டானது. முதல் கட்டின் மேலே கூட்டு உறுதிமொழிப் படிவம். அதன்கீழ் ஆதார், அதன்கீழ் பெயர் முழுதாக உள்ள வாக்காளர் அட்டை. பிறகு பி.எஃப். எண் அச்சான சம்பளச் சீட்டும் கம்பெனி அடையாள அட்டையும். அதாவது 'எம்' என்று பதிந்தவரும் மஹதோவும் ஒரே ஆள்தான் என்று காட்டும் தாள்கள். பணம் கேட்கும் விண்ணப்பமும் பாஸ்புக்கும் இரண்டாவது கட்டில். அதைக் கவரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

அந்தக் கூட்டு உறுதிமொழிப் படிவத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஒரு கட்டத்தில் பதிவில் தவறாக இருப்பதை அப்படியே எழுத வேண்டும், அடுத்ததில் சரியானதை எழுத வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் தவறான பெயரை எழுதக் கூச்சப்பட்டு, இரண்டிலும் சரியானதையே எழுதிவிடுகிறார்கள். அப்புறம் எதை எதுவாகத் திருத்துவது? இன்னொன்று, வேலையை விட்ட தேதியும் தம்பியின் கணக்கில் ஏறாமல் இருந்தது. பெயரோடு அதையும் அதே படிவத்தில் சேர்த்து, கடைசிச் சம்பளச் சீட்டைச் சான்றாக வைத்தார். இல்லையென்றால் பெயர் திருந்திய பிறகு தேதிக்காக இன்னொரு முறை வரிசையில் நின்றிருப்பார்.

மூடிப்போன நிறுவனம் என்றால் முதலாளிக்குப் பதில் கெஜட்டட் அதிகாரி, ஊராட்சித் தலைவர் போன்றோர் சான்றளிக்கலாம் என்று உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது. இங்கே அவரைத் தெரிந்த அதிகாரி யார்? சட் பூஜைக்கு ஊருக்குப் போனபோது ஊராட்சித் தலைவரான முகியாவிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தார். அந்த முதல் கட்டு பி.ஆர்.ஓ. கௌன்டரில் ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கப்பட்டது. பெயரும் தேதியும் திருந்தின. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்தன. அதற்குப் பிறகுதான் இரண்டாவது கட்டு கவரை விட்டு வெளியே வந்தது. பணமும் வந்தது.

ஐயா, இந்த வரிசை ரகசியம் இல்லை. உங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருகிறவர் அதை ஓரமாக நின்று பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது. இன்று எத்தனையோ பேர் தங்கள் திருத்தத்தை இணையத்திலேயே செய்துகொள்கிறார்கள். கௌன்டருக்கு வருவது பெரும்பாலும் அது முடியாதவர்கள்: பழைய எண், மூடிய கம்பெனி, ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் மாறிப்போனவர்கள். இவர்களுக்காக மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, வாசலிலேயே ஒரு பலகை. முதலில் திருத்தம், பிறகு பணம். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாளின்கீழ் எந்தத் தாள் என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதுங்கள். நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இரண்டு, திருப்பி அனுப்பும்போது எல்லாக் குறைகளையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்று பெயர், அடுத்த முறை தேதி, அதற்கடுத்து கையெழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

மூன்றாவது, எத்தனை அழகாக அடுக்கினாலும் தீராத ஒன்று. சான்றளிக்கத் தகுதியுள்ளவர் இருந்தும், முன்பின் தெரியாத வெளியூர்க்காரருக்கு இங்கே யாரும் கையெழுத்துப் போடத் துணிவதில்லை. மாதம் ஒரு நாள் தகுதியுள்ள ஓர் அதிகாரியை உங்கள் அலுவலகத்துக்கே வரவழைத்து, அசல் ஆவணங்களைப் பார்த்து அங்கேயே சான்றளிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஊருக்குப் போய்வரும் ரயில் செலவுக்குப் பயந்தே தன் பணத்தைக் கைகழுவியவர்கள் திரும்பி வருவார்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்