'தகாத வார்த்தை' என்று எழுதினால் போதாது

திருவள்ளூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

ஆவடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் அடிதடி நடந்தால், "நடந்ததை எழுதிக் கொடுங்க" என்று தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். அந்தத் தாளில் நாங்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "வழக்கம்போல் வம்பு செய்யும் 'அ', 'ஆ'வைக் காரணமின்றித் தாக்கினான். தகாத வார்த்தைகளும் பேசப்பட்டன."

'வழக்கம்போல்' என்பது பழைய கோபம். 'காரணமின்றி' என்று எழுத, ஆசிரியர் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். இதையே இப்படி எழுதலாம்: "1.25க்கு வகுப்புக்குள் போனேன். 'அ', 'ஆ'வின் காலரைப் பிடித்திருந்தான். 'ஆ'வின் இடப் புருவத்துக்கு மேல் ரத்தம். ஸ்கேல் தரையில் கிடந்தது. அடித்ததை நான் பார்க்கவில்லை." அதன்பின் இருவரும் சொன்னதை, தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டு, அவரவர் சொற்களிலேயே எழுத வேண்டும். ஒருவன் முன்னால் மற்றவனைக் கேட்டால் பயந்தவன் வாய் திறக்க மாட்டான்.

'தகாத வார்த்தை' என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த வார்த்தை ஒரு சாதிப் பெயராக இருந்தால், நாகரிகம் கருதி நாம் மறைப்பது சண்டையின் காரணத்தையே. மாணவரின் சாதி வருகைப் பதிவேட்டில் இருக்கக் கூடாது என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது, அது சரி. சண்டைக் குறிப்பிலும் யாருடைய சாதியையும் நாம் எழுத வேண்டியதில்லை. ஆனால், வாயிலிருந்து வந்த சொல்லை, சொன்னது யார், கேட்டது யார் என்பதோடு, மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதியாக வேண்டும்.

அந்தக் குழு அமையக் காரணமான நாங்குநேரியை மறக்க முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு, தனக்கு நடந்த துன்புறுத்தலைப் பள்ளியில் சொல்லியிருந்த மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். ஆகவே குறிப்பு சண்டையோடு முடியக் கூடாது. முதலுதவி செய்தது யார், பெற்றோருக்கு எத்தனை மணிக்குச் சொன்னோம், மாலையில் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போனான், புகார் கொடுத்தவன் பெயர் மற்றவர்களுக்குத் தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தாங்கள் வெள்ளைத்தாளுக்குப் பதில் ஒரு படிவம் தர வேண்டுகிறேன். பார்த்தது, கேட்டது, செய்தது மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கட்டும். "இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்று மிரட்டி எழுதி வாங்கும் கடிதத்தை மாணவரின் வாக்குமூலமாக அதில் இணைக்கக் கூடாது. நிரப்பிய படிவம் தலைமையாசிரியரின் பூட்டிய பீரோவில் இருக்கட்டும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும், டி.சி.யில் நடத்தை எழுதும் இடத்துக்கும் அது போகக் கூடாது. ஜூனில் பள்ளி திறக்கும்முன் இது எங்கள் கைக்கு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்