நான்கு சிம், ஒரு பில்: குடும்ப போஸ்ட்பெய்டு குறித்து எங்கள் நிலைப்பாடு

காரைக்கால் - தரங்கம்பாடி சாலையில் உள்ள பூவத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே போஸ்ட்பெய்டு போட்டால் மலிவு என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கு அது ஒத்துவரலாம். கடல் வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு 84 நாள் ப்ரீபெய்டுதான் ஏற்றது என்பது எங்கள் நுகர்வோர் குழுவின் நிலைப்பாடு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விசைப்படகுக்குப் போகும் அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், பேச மட்டும் போன் வைத்திருக்கும் பாட்டி. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோ அறிவித்த குடும்பத் திட்டத்தில் முதல் இணைப்புக்கு மாதம் 449 ரூபாய், கூடுதல் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 150. ஆக 899. விளம்பரம் இதோடு நின்றுவிடும். போஸ்ட்பெய்டு விலையில் ஜிஎஸ்டி சேராது. 18 சதவீதத்தைச் சேர்த்தால் பில் 1,061 ரூபாய். ஆண்டுக்கு 12,730. ப்ரீபெய்டு விலையிலோ வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் நடக்கின்றன.

அதே நிறுவனத்தின் 84 நாள் ரீசார்ஜ் அப்போது மகளுக்கு (தினம் 2 ஜிபி) 859, அப்பா, அம்மாவுக்கு (தினம் 1.5 ஜிபி) தலா 799. பாட்டிக்கு டேட்டா இல்லாத, பேச்சுக்கு மட்டுமான 448 ரூபாய் ரீசார்ஜ் போதும். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு வந்தது அது. மொத்தம் 2,905; ஆண்டுக்குச் சுமார் 12,620. இரண்டுக்கும் இடையே 110 ரூபாய்தான் வித்தியாசம். ஒரு தடவை தாமதக் கட்டணம் விழுந்தால் அந்த வித்தியாசம் இரண்டு மடங்காகிவிடும். தாமதக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதால் நூறு ரூபாய் 118 ஆகும்.

தாமதம் எப்போது வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், பில் நிற்காது. அந்த இரண்டு மாதத்தில் குறைந்தது இரண்டு பில் வந்துவிடும். கட்ட முடியாமல் போனால் அப்பாவின் போன் மட்டும் நிற்பதில்லை, ஒரே கணக்கில் இருக்கும் நான்கு போனும் நின்றுபோகும். ஏப்ரல் 10-ஆம் தேதி 84 நாள் ரீசார்ஜ் செய்தால் ஜூலை 2 வரை ஓடும். தடை முடிந்து, படகு கடலுக்குப் போய், கையில் காசு வந்த பிறகுதான் அடுத்த ரீசார்ஜ்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கவில்லை. 2,905 ரூபாயை மொத்தமாகப் புரட்ட வேண்டும். முடியாதவர்கள் 28 நாள் ரீசார்ஜுக்குப் போகிறார்கள்: 1.5 ஜிபிக்கு 299, 2 ஜிபிக்கு 349. மூன்று தடவை போட்டால் அதே 84 நாளுக்கு அப்பா, அம்மாவுக்குத் தலா 98, மகளுக்கு 188 கூடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,670 ரூபாய் அதிகம். அப்படிப் போடும் வீட்டுக்குக் குடும்பத் திட்டமே மலிவு. மகள் வாரம் ஒருமுறை தினசரி டேட்டா தீர்ந்து 19 ரூபாய் டாப்-அப் போட்டாலும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் போகும்; அப்போதும் கணக்கு மாறிவிடும். ஆனால் மறுபக்கமும் பாருங்கள். குடும்பத் திட்டத்தில் நால்வருக்கும் சேர்த்து மாதம் 90 ஜிபிதான், மேலே போனால் ஜிபிக்கு 10 ரூபாய்.

இலவச இணைப்புகளுக்கு வருவோம். அதே 2024 ஜூலையில் ஏர்டெல் 1,199 ரூபாய்க்கு நான்கு இணைப்பும் 190 ஜிபியும் அறிவித்தது. ஹாட்ஸ்டார், அமேசான் பிரைம் கூடவே. வரியோடு 1,415, அதாவது முந்தைய குடும்பத் திட்டத்தைவிட ஆண்டுக்கு 4,250 ரூபாய் கூட. பிரைமுக்குத் தனியாக ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய்தான். எங்கள் அளவுகோல் எளிது: இலவசம் என்று தராவிட்டாலும் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா? ஆம் என்றால் அந்தச் சந்தா விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அதன் மதிப்பு பூஜ்யம். நான்கு சிம் இருந்தாலும் பிரைம் சந்தா ஒன்றே என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிறுவனங்களிடம் மூன்று கேட்கிறோம். போஸ்ட்பெய்டு விலையை வரியோடு சேர்த்தே விளம்பரப்படுத்த வேண்டும். இலவச இணைப்பு முடியும் தேதியை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும். தடைக்காலத்தில் கடலோரக் கிராமங்களின் பில்களுக்குத் தாமதக் கட்டணம் கூடாது; நிலுவையை ஜூலை பில்லோடு கட்ட அனுமதிக்க வேண்டும்.