கடைசி வருஷக் கணக்கில் ஒரு அறுபதாயிரம்

எம்பிஏ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும், கடன் கேட்டு என் மேஜைக்கு வரும் திட்ட அறிக்கைகளிலும் ஒரே வரியை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். திட்டத்தின் கடைசி ஆண்டில் மெஷினை விற்கிறார்கள். விற்ற விலை புத்தக மதிப்பை விடக் குறைந்தால், அந்த நஷ்டத்தை வரி விகிதத்தால் பெருக்கி, அதே வருஷம் வரி மிச்சம் என்று வரவில் சேர்த்து விடுகிறார்கள். அமெரிக்கப் பாடப் புத்தகத்தில் இது சரிதான். இந்திய வருமான வரிச் சட்டத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் கட்சி.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்து விடலாம். புனேயில் போசரி பக்கம் நம்மூர்க்காரர் ஒருவர் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு ஒரு மெஷின். தேய்மானம் குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மேல் 15 சதவீதம். ஐந்து வருஷம் தேய்மானம் எடுத்த பிறகு வரிக் கணக்கில் மிஞ்சுவது 4,43,705 ரூபாய். (கம்பெனியின் ஆண்டறிக்கையில் வேறு மதிப்பு இருக்கும். அதை இங்கே எடுக்கவே கூடாது. அங்கே போடும் 5 சதவீத எச்ச மதிப்பும் சந்தை விலை அல்ல, கணக்கு எழுதுவதற்கான ஏற்பாடு.) ஆறாம் வருஷத் தொடக்கத்தில் மெஷின் 2 லட்சத்துக்குப் போகிறது. கழற்றி ஏற்றி அனுப்பும் செலவு போகக் கையில் வருவது அவ்வளவுதான். நஷ்டம் 2,43,705. வரி ஏறக்குறைய 25 சதவீதம் என்றால், பாடப் புத்தகப்படி 60,926 ரூபாய் உடனே மிச்சம்.

நம் சட்டம் மெஷினைத் தனியாகப் பார்ப்பதில்லை. 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஒரே வகையாகவும் ஒரே தேய்மான விகிதத்திலும் உள்ள சொத்துக்களெல்லாம் ஒரு பிளாக். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இதே முறைதான். ஒரு மெஷினை விற்றால் விற்ற தொகையை பிளாக்கின் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவே. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நம் ஆளிடம் வேறு மெஷின்கள் இருந்தால், அந்த 2,43,705 காணாமல் போவதில்லை. பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்து வருஷா வருஷம் 15 சதவீதமாகக் கரையும். முதல் வருஷம் 36,556 தேய்மானம், அதில் வரி மிச்சம் 9,139. அடுத்த வருஷம் 7,768. இப்படியே இழுத்துக்கொண்டு போகும் சில்லறை எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியில் மெஷின் விற்ற நாளுக்குக் கொண்டு வந்தால் சுமார் 33,850 ரூபாய். அறுபதாயிரம் என்று எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்! வித்தியாசமான 27,000 சொச்சத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றினால் 15,000 ரூபாய்க்கு மேல் வரும். நிகர இன்றைய மதிப்பு பத்தாயிரம் லாபம் என்று காட்டும் அறிக்கை இதிலேயே கவிழ்ந்து விடும்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. அந்த பிளாக்கில் இருந்தது இந்த ஒரு மெஷின்தான் என்றால், விற்றதும் பிளாக் காலி. மார்ச் 31 அன்று உள்ளே ஒரு சொத்தும் இல்லாவிட்டால் தேய்மானம் கிடையாது. மிச்சம் நின்ற 2,43,705 குறுகிய கால மூலதன நஷ்டம் ஆகிவிடும். அதை வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. மூலதன லாபம் வந்தால்தான் கழிக்கலாம், எட்டு வருஷம் வரை தூக்கிக்கொண்டு போகலாம். லேத் ஓட்டிப் பிழைப்பவருக்கு எட்டு வருஷத்தில் மூலதன லாபம் எங்கிருந்து வரும்? இடத்தை விற்றால்தான் உண்டு. ஆக, அந்த அறுபதாயிரம் அவர் விஷயத்தில் அனேகமாகப் பூஜ்யம். இந்த ஒரே திட்டத்துக்காகத் தனிக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு இதுவே நடக்கும். ஆனால் அவர்களின் அறிக்கையில்தான் இந்த வரி மிச்சம் கொட்டை எழுத்தில் இருக்கும்.

மார்ச் 31க்குள் 15 சதவீத வகையில் இன்னொரு மெஷின் வாங்கி உபயோகத்துக்குக் கொண்டு வந்தால் பிளாக் உயிரோடு இருக்கும், பழைய மிச்சத்துக்கும் தேய்மானம் தொடரும். ஒரு சின்ன டிரில்லிங் மெஷின் போதும். கம்ப்யூட்டர் வாங்கினால் பலனில்லை, அதற்கு 40 சதவீதம், அது வேறு பிளாக். தொழிலையே மூடுகிறவர் இதற்காக மெஷின் வாங்கச் சொன்னால் சிரிப்பார், அதுவும் நியாயம்தான்.

லாபத்துக்கு விற்றாலும் இதே விதிதான், ஆனால் அங்கே நமக்குச் சாதகம். அதே மெஷின் 6 லட்சத்துக்குப் போனால் பாடப் புத்தகம் 39,074 ரூபாய் வரியை உடனே கட்டச் சொல்லும். பிளாக்கில் போதிய மதிப்பு இருந்தால் அன்றைக்கு ஒரு பைசா வரி இல்லை. வரும் வருஷங்களின் தேய்மானம்தான் குறையும். பிளாக்கின் மொத்த மதிப்பையே விற்ற தொகை தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் அந்த வருஷமே வரி. மெஷினை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அது குறுகிய கால லாபம்தான்.

அதனால் இப்போதெல்லாம் அறிக்கையைப் புரட்டும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "இதை விற்கிற வருஷம் உங்க பிளாக்ல வேற என்ன மெஷின் இருக்கும் சார்?" பாதிப் பேர் ஆடிட்டருக்கு போன் போடுகிறார்கள்.