"பசங்கதானே, பழகிடுவாங்க" என்று சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தாம்பரத்தைச் சுற்றி இன்று குடிவராத ஊர்க்காரர் இல்லை. சிலர் வேலைக்காக வருகிறார்கள். சிலர் அரசாங்கம் வீட்டை இடித்ததால் வருகிறார்கள். யார் வந்தாலும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பசங்கதானே, பத்து நாளில் பழகிடுவாங்க." பழகிய பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறான். பழகாமல் நின்றுபோனவன் வருகைப் பதிவேட்டிலேயே இல்லை. இல்லாதவனை எப்படி எண்ணுவீர்கள்?

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அங்கே அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். கல்வி ஆண்டின் பாதியில் நடந்தது அது. 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். கொரோனாவால் அந்த வருடம் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்ததே மே மாதத்தில்தான். தேர்வு அட்டவணை முன்கூட்டியே வெளியான ஒன்று. இடிக்க நாள் குறித்தவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாமே! ஆக்கிரமிப்பா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நாள் குறிப்பது அதிகாரியின் கையில் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

வீடும் பள்ளியும் ஒரே நாளில் மாறக்கூடாது. இதுதான் என் கட்சி. வீடு மாறியே ஆகவேண்டும் என்றால், எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை ஏப்ரல் வரை பழைய பள்ளிக்கே போகட்டும். இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குக் காலை 6 மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளால் அது ஆகாது. அவர்களுக்குப் பக்கத்துப் பள்ளிதான், அதுவும் மறுநாளே சேர்க்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு வாரமும் திரும்பப் போவதைக் கஷ்டமாக்கும்.

"டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் பணிந்து திரும்பாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவு, டி.சி. தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "எமிஸில் பையன் பெயரைக் காமன் பூலுக்கு விட்டாச்சா சார்?" அதை விட்டால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். பல பிள்ளைகளின் காரியம் இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கிறது.

இனி என் சக ஆசிரியர்களுக்கு. நடுவில் சேர்கிற பிள்ளையின் பெயர் பதிவேட்டில் கடைசி வரியில் ஏறும், பிள்ளையும் கடைசி பெஞ்சில் போய் உட்காரும். ஒரு ஜனவரியில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். ஜூன் முதல் எழுதிய எல்லாப் பாடத்தின் நோட்டையும் பார்த்து எழுதி முடிக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் ராத்திரி எல்லாம் எழுதினான். ஒரு கணக்குகூடப் புரியவில்லை. பிறகு திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை, அவன் பயம்தான் அப்படி வந்தது.

நான் நோட்டை மூடச் சொன்னேன். ஐந்து கணக்கு கொடுத்தேன். பின்னம் வரை சரியாக வந்தது, விகிதத்தில் நின்றது. தினம் மாலை 20 நிமிடம் விகிதம் மட்டும் பார்த்தோம். அவன் இருக்கும் பிளாக்கிலேயே ஒரு பையனைத் தேடி, இருவரும் சேர்ந்து நடந்து வர ஏற்பாடு செய்தேன். இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு மாதத்தில் வயிற்றுவலி நின்றது. எல்லாப் பிள்ளைக்கும் இது போதாது. வீட்டில் வருமானம் போய், அம்மா பழைய இடத்துக்கே வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற வீட்டில், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவின் படிப்பு நிற்கும். அதை ஆசிரியர் தனியாகச் சரிசெய்ய முடியாது.

பெற்றோர்களே, மதிப்பெண்ணை வைத்துக் கணிக்காதீர்கள். அது பரீட்சை வந்தால்தான் தெரியும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா, இரண்டு வாரமாகியும் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயராவது வாயில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மறுநாளே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

2025 மே மாதம் நம் அனகாபுத்தூரிலும் அடையாற்றங்கரையில் வீடுகள் இடிக்கப்பட்டன. லீவு நாள்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஜூனில் மணி அடிக்கும்போது எந்தப் பள்ளி, எந்த பஸ் என்று சாவி கொடுக்கும் அன்றே தாளில் எழுதிக் கொடுங்கள். வீடு ஒதுக்கும் அதிகாரிக்கு அருகில் ஒரு தலைமையாசிரியருக்கும் நாற்காலி போடுங்கள். இதற்குத் தனி நிதி வேண்டாம்.

அரசுப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேசைக்கு இப்படி ஒரு கோப்பு வந்தால், முதலில் பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்.